அப்டேட்டுக்குப் பிறகு டி1 34-லிருந்து 29-க்கு இறங்கிவிட்டது. பழைய பில்டுக்குத் திரும்பலாமா?

கட்டம்கட்டி

வணக்கம். வேளச்சேரியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஸ்டுடியோ நடத்துகிறோம். ஆண்ட்ராய்டில் ஒரு பசில் கேம் ஓடிக்கொண்டிருக்கிறது. சமீபத்தில் 1.5 வெர்ஷன் விட்டோம். அதில் டுடோரியலை முழுசாக மாற்றியிருக்கிறோம். முன்பு ஆறு பக்கம் படிக்க வைத்துவிட்டுத்தான் ஆட விடுவோம். இப்போது முதல் லெவலை ஆடிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

1.4 இருந்த கடைசி வாரத்தில் புதிதாக வந்தவர்கள் 400 பேர், அதில் மறுநாள் திரும்பி வந்தவர்கள், அதாவது டி1, 34%. 1.5 வந்த வாரத்தில் புதியவர்கள் 800 பேர். ஆனால் மறுநாள் வந்தது 29% தான். கணக்கு கூகுள் அனலிட்டிக்ஸிலிருந்து எடுத்தது, நேர மண்டலம் இந்தியா என்றுதான் இருக்கிறது. அதே வாரத்தில் விளம்பரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தோம். ஆள் கூடியது அதனால்தான்.

என் பார்ட்னர் டுடோரியல்தான் கெடுத்தது, பழையதையே போடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் என்ன பார்ப்பீர்கள்?

பறக்கும்ரயில்

ப்ரோ, டி1 40, டி7 20, டி30 10 என்று ஒரு கணக்கு உண்டு. 34 இருந்தபோதே கீழேதான் இருந்திருக்கிறீர்கள். 29 என்றால் கேம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். டுடோரியலை இன்னும் குறையுங்கள், மறுநாள் வந்தால் 100 காயின் என்று தினசரி பரிசு வையுங்கள், சாயங்காலம் ஒரு நோட்டிபிகேஷன் அனுப்புங்கள். எண் தானாக ஏறும்.

அம்பத்தூர் அப்பு

29-ஆ? என் கேம் ஒன்றும் பெரிய கேம் இல்லை, கேரம் மாதிரி ஒன்று. அதற்கே பிளே கன்சோலில் முதல் நாள் 70%-க்கு மேல் காட்டுகிறது. உங்கள் அனலிட்டிக்ஸை ஒழுங்காக இணைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள் நண்பா. கோடில் ஏதாவது ஒரு வரி விட்டுப்போயிருக்கும்.

கணக்குப்புள்ள

அப்பு, நீங்கள் பார்ப்பது வேறு எண். பிளே கன்சோலில் அந்த இடத்தில் காட்டுவது, இன்ஸ்டால் செய்தவர்களில் எத்தனை பேர் ஒரு நாள் கழித்தும் கேமை போனில் வைத்திருக்கிறார்கள் என்பது. திறந்தார்களா இல்லையா என்று அது கேட்பதே இல்லை. ஒருமுறை ஆடிப்பார்த்துவிட்டு, அழிக்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்தவரும் அதில் அடக்கம். கட்டம்கட்டி கேட்பது மறுநாள் திறந்தவர்களை. இரண்டையும் பக்கத்தில் வைக்க முடியாது.

கட்டம்கட்டி, பழைய பில்டுக்கு இப்போதைக்குப் போகாதீர்கள். உங்கள் பதிவில் டுடோரியலைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது கடைசியில் போகிற போக்கில் சொன்ன விளம்பரம். 400 பேர் 800 ஆனார்கள் என்றால், இரண்டாவது வாரத்தில் வந்த கூட்டமே வேறு கூட்டம். கடையில் தானாகத் தேடி எடுத்தவரும், வேறு கேம் நடுவே விளம்பரத்தைத் தட்டி உள்ளே வந்தவரும் ஒரே மாதிரி திரும்பி வரமாட்டார்கள். இரண்டு வாரத்தையும் வந்த வழி வாரியாகப் பிரித்து, ஆள் எண்ணிக்கையோடு போடுங்கள். சதவீதம் மட்டும் வேண்டாம். அப்புறம் பேசலாம்.

பறக்கும்ரயில் சொன்ன 40-20-10 பல வருடமாகச் சுற்றும் பழைய அளவுகோல். மொபைல் கேம்களில் பெரும்பாலானவை அந்த 40-ஐத் தொடுவதில்லை. 29-ஐ வைத்து மட்டும் கேம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

கட்டம்கட்டி

பிரித்துவிட்டேன் அண்ணே.

1.4 வாரம்: தானாக வந்தவர்கள் 300, மறுநாள் வந்தது 114 (38%). விளம்பரத்தில் வந்தவர்கள் 100, மறுநாள் வந்தது 22 (22%). மொத்தம் 400-க்கு 136.

1.5 வாரம்: தானாக வந்தவர்கள் 300, மறுநாள் வந்தது 117 (39%). விளம்பரத்தில் வந்தவர்கள் 500, மறுநாள் வந்தது 115 (23%). மொத்தம் 800-க்கு 232.

இரண்டு பக்கமும் ஏறியிருக்கிறது, மொத்தம் மட்டும் இறங்கியிருக்கிறது. பார்ட்னரிடம் காட்டினேன், அவரே கால்குலேட்டரை எடுத்து ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

பறக்கும்ரயில்

அட, அப்படியானால் புது டுடோரியல் வேலை செய்கிறது! இரண்டிலும் 1% ஏறியிருக்கிறதே. நான் சொன்னதில் பாதி சரிதான், டுடோரியலைக் குறைத்தால் ஏறும் என்றேன்.

கணக்குப்புள்ள

இறங்கவில்லை என்று சொல்லலாம். ஏறியது என்று சொல்ல இந்த ஆள் போதாது.

300 பேரில் 114 வருவதும் 117 வருவதும் மூன்று பேர் வித்தியாசம். அந்த மூன்று பேர் வேலை முடிந்து களைத்துப்போய் தூங்கியிருக்கலாம், அவ்வளவுதான். ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. சதவீதத்தை p என்றும் ஆட்களை n என்றும் வையுங்கள்:

```
sqrt(p * (1 - p) / n)
```

p = 0.38, n = 300 என்று போட்டால் 0.028 வரும். அதை இரட்டிப்பாக்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் ஐந்தரைப் புள்ளி ஊசலாட்டம். கேமில் ஒரு வரியைக்கூடத் தொடாமல் அடுத்த வாரம் 34 வந்தாலும் 42 வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1% ஏற்றத்தை இந்தக் கூட்டத்தில் தேடுவது வீண்.

சரி, எவ்வளவு ஆள் வேண்டும்? 32-லிருந்து 35 ஆகிறதா என்று ஓரளவு நம்பிக்கையோடு பார்க்க ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 3,900 புதியவர்கள் தேவை. வாரம் 800 பேர் வரும் ஸ்டுடியோவுக்கு அது இரண்டு மாதத்துக்கும் மேல். அதற்குள் நீங்கள் இன்னும் மூன்று அப்டேட் விட்டிருப்பீர்கள். ஆகவே உங்கள் அளவுக்கு டி1 என்பது நுணுக்கமான மாற்றத்தை அளக்கும் கருவி இல்லை. பத்துப் புள்ளி சரிந்தால் சொல்லும். லாகின் உடைந்தது, ஒரு குறிப்பிட்ட போனில் திறக்கவே இல்லை என்கிற மாதிரிப் பெரிய கோளாறு அதில் தெரியும். டுடோரியலில் எந்தப் பொத்தான் நல்லது என்பது அதில் தெரியாது.

குறுக்கெழுத்து

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இதே டி1-இல் எனக்கு வேறு ஒரு குழப்பம், இங்கேயே கேட்டுவிடுகிறேன். என் சொல் விளையாட்டுக்கு அனலிட்டிக்ஸ் 33% காட்டுகிறது. அதே அனலிட்டிக்ஸின் மூலத் தரவை பிக்குவரியில் நானே குவரி எழுதி எடுத்தால் 41% வருகிறது. `first_open` வந்த நாளைக் கண்டுபிடித்து, மறுநாள் அதே `user_pseudo_id`-க்கு ஏதாவது ஒரு ஈவென்ட் இருந்தால் வந்தார் என்று எண்ணினேன். லாஜிக் சரியாகத்தானே இருக்கிறது? 41 என்று எல்லோரிடமும் சொல்லலாமா?

கணக்குப்புள்ள

சொல்லாதீர்கள். "ஏதாவது ஒரு ஈவென்ட்" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கேமை அழித்தால் `app_remove` என்று ஒரு ஈவென்ட் தானாகப் பதிவாகும். மறுநாள் காலையில் உங்கள் கேமைத் தூக்கி எறிந்தவரை நீங்கள் "திரும்பி வந்தவர்" என்று எண்ணியிருக்கிறீர்கள். நோட்டிபிகேஷன் போய்ச் சேர்ந்தாலே `notification_receive` வரும், அவர் போனைக் கையில் எடுத்திருக்கவே வேண்டாம். திறந்ததை மட்டும் எண்ணுங்கள்:

```sql
WHERE e.event_name = 'session_start'
  AND DATE(TIMESTAMP_MICROS(e.event_timestamp), 'Asia/Kolkata')
      = DATE_ADD(d0.install_date, INTERVAL 1 DAY)
```

`install_date`-ஐயும் அதே நேர மண்டலத்தில் எடுங்கள். இன்னொன்று: உங்கள் அனலிட்டிக்ஸ் அமைப்பில் நேர மண்டலம் என்னவென்று பார்த்தீர்களா?

குறுக்கெழுத்து

திருத்தினேன், 41 அப்படியே 35-க்கு வந்துவிட்டது. நேர மண்டலம் லாஸ் ஏஞ்சலஸ் என்று இருக்கிறது. புராஜெக்ட் தொடங்கும்போது வந்ததை யாரும் தொடவில்லை. அதனால் என்ன ஆகும்?

கணக்குப்புள்ள

நாள் மாறும் நேரம் மாறும். அங்கே நள்ளிரவு என்றால் நமக்கு மதியம் 12:30, அவர்களின் குளிர்காலத்தில் 1:30. சாப்பாட்டு நேரத்தில் 12 மணிக்கு இன்ஸ்டால் செய்து, 2 மணிக்கு மறுபடி திறந்தவர் அந்த அறிக்கையில் "மறுநாள்" வந்தவர் ஆகிவிடுவார். ராத்திரி 9 மணிக்கு இன்ஸ்டால் செய்து, காலையில் தாம்பரம் வண்டியில் உட்கார்ந்து ஆடியவர் "அதே நாள்" கணக்கில் போய்விடுவார். அவர் மதியத்துக்குப் பிறகும் திறந்தால்தான் டி1-இல் சேருவார்.

இது எண்ணை ஏற்றுமா இறக்குமா என்பது உங்கள் ஆட்கள் எந்த நேரத்தில் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு 33-க்கும் 35-க்கும் உள்ள இடைவெளியில் இதற்குப் பங்கு இருக்கலாம். அமைப்பை இந்தியாவுக்கு மாற்றுங்கள். ஆனால் பழைய அறிக்கை திருந்தாது, மாற்றிய நாளிலிருந்துதான் சரியாகும். மாற்றிய தேதியை எங்காவது குறித்து வையுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் தெரியும் மேடு பள்ளத்துக்கு ஆறு மாதம் கழித்து யாராவது கதை கட்டுவார்கள். பிக்குவரியில் `event_timestamp` எப்போதும் யுடிசியில்தான் இருக்கும். பழைய நாட்களை அங்கே நீங்களே திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தேன்மொழி

கட்டம்கட்டி, நான் லெவல் டிசைன் பார்ப்பவள். அண்ணன் டி1 உங்களுக்கு மொத்தையான கருவி என்றார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு எதைப் பார்ப்பது என்றுதானே உங்களுக்கு அடுத்த கேள்வி?

மறுநாள் வருவாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் முதல் நாள் முதல் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தைப் படிப்படியாகப் பாருங்கள். `first_open` எத்தனை பேர், லெவல் 1 `level_start` எத்தனை பேர், `level_end` எத்தனை பேர், லெவல் 2, லெவல் 3 என்று. இதில் ஒரு படியில் 20 பேர் விழுந்தாலே கண்ணுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கில் ஆள் தேவையில்லை. அதையும் விளம்பர ஆட்கள், தானாக வந்த ஆட்கள் என்று பிரித்தே பாருங்கள். 39-க்கும் 23-க்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் இருப்பது எனக்கு உறுத்துகிறது. விளம்பர ஆட்கள் கொஞ்சம் குறைவாக வருவது வழக்கம்தான். இவ்வளவு குறையும்போது விளம்பரத்தில் காட்டியது ஒன்று, கேமில் இருப்பது ஒன்று என்றிருக்கலாம். அல்லது கேமுக்குள்ளே வந்து சேரவே இல்லை என்றிருக்கலாம்.

பறக்கும்ரயில்

விளம்பர ஆட்கள் என்றாலே குப்பைதான் மேடம். அதை நிறுத்திவிட்டால் டி1 உடனே 39 ஆகிவிடும்.

தேன்மொழி

39 ஆகும், ஆட்கள் 300 ஆவார்கள். கேமுக்கு அதனால் என்ன லாபம்? விளம்பரத்தை டி1 சதவீதத்தை வைத்து எடை போடாதீர்கள், மறுநாள் வந்த ஒருவருக்கு எவ்வளவு செலவானது என்று பாருங்கள். ஒரு இன்ஸ்டாலுக்கு 6 ரூபாய், 23% திரும்பினால் ஒருவருக்கு 26 ரூபாய். இன்னொரு கேம்பெய்னில் இன்ஸ்டாலுக்கு 10 ரூபாய் போய் 40% திரும்பினால் ஒருவருக்கு 25 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்போது எதில் ஏழாம் நாள் வருகிறார்கள் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

கட்டம்கட்டி

மேடம் சொன்னபடி படிகளைப் பிரித்துப் பார்த்தேன். 1.5 வாரம் மட்டும் போடுகிறேன்.

தானாக வந்த 300 பேரில் லெவல் 1 தொடங்கியவர்கள் 282.
விளம்பரத்தில் வந்த 500 பேரில் லெவல் 1 தொடங்கியவர்கள் 385.

115 பேர் கேமைத் திறந்திருக்கிறார்கள், முதல் லெவலைக்கூடப் பார்க்கவில்லை. டுடோரியல் அந்த லெவலுக்குள்தான் இருக்கிறது. அவர்கள் அதுவரை வரவே இல்லை.

காரணம் தேடினோம். எங்கள் கேம் முதல் முறை திறக்கும்போது படங்களும் ஒலிகளும் அடங்கிய ஒரு பொட்டலத்தை டவுன்லோடு செய்யும், 90 எம்பி. ஆபீஸ் வைஃபையில் சில நொடியில் முடிந்துவிடுகிறது. நேற்று ஒரு 3 ஜிபி ராம் பழைய போனில், மொபைல் டேட்டாவில், சைதாப்பேட்டை ஸ்டேஷன் நடைமேடையில் நின்று திறந்து பார்த்தோம். கறுப்புத் திரை, நடுவில் சின்னதாக ஒரு வட்டம் சுற்றுகிறது. எவ்வளவு பாக்கி என்று எழுத்து இல்லை, சதவீதம் இல்லை. பாதியில் சிக்னல் போனது, வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பத் திறந்தால் டவுன்லோடு முதலிலிருந்து தொடங்குகிறது. பக்கத்தில் நின்ற ஒரு காலேஜ் பையனிடம் போனைக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "ஹேங் ஆயிடுச்சுண்ணா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

லெவல் 1 தொடங்கிய 385 பேரில் மறுநாள் வந்தவர்கள் 115 என்று வைத்தால் 30% வருகிறது. இதைச் சரிசெய்தால் விளம்பர டி1 23-லிருந்து 30 ஆகும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கணக்குப்புள்ள

அருமையாகத் தோண்டியிருக்கிறீர்கள். ஆனால் 30 என்று பார்ட்னரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். காத்திருக்காமல் போன அந்த 115 பேரும், காத்திருந்த 385 பேரும் ஒரே ஆர்வத்தோடு வந்தவர்கள் இல்லை. காத்திருந்தவருக்கு ஆர்வம் அதிகம், அதனால்தான் காத்திருந்தார். போனவர்களை உள்ளே கொண்டுவந்தால் அவர்களில் பாதி விகிதம், 15% திரும்புகிறார்கள் என்று வையுங்கள். கூடுதலாக 17 பேர். 115-உம் 17-உம் 132, 500-க்கு 26%. என் மனசில் இருக்கும் எதிர்பார்ப்பு அவ்வளவுதான். அதுவே நல்ல லாபம்.

சரிசெய்ததைச் சோதிக்க டி1-க்காகக் காத்திருக்கவும் வேண்டாம். `first_open`-லிருந்து லெவல் 1 `level_start` வரை 77% என்று இப்போது இருக்கிறது. அது 90-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். சில நூறு ஆட்களிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும்.

போன வாரம் இந்த வாரம் என்று ஒப்பிடாதீர்கள். பிளே கன்சோலில் ஸ்டேஜ்டு ரோல்அவுட்டை 50%-இல் வையுங்கள். புதிதாக வருபவர்களில் பாதிப் பேருக்கு ஒரே நாளில், ஒரே விளம்பரத்திலிருந்து புது பில்டு போகும். `first_open` வந்தபோது `app_info.version` என்னவாக இருந்ததோ அதை வைத்துப் பிரியுங்கள். மறுநாள் அவர் அப்டேட் செய்துவிட்டாலும் பிரச்சினை இல்லை.

பறக்கும்ரயில்

எல்லாம் சரி அண்ணே, ஆனால் தினசரி பரிசை ஏன் யாருமே கண்டுகொள்ளவில்லை? நான் வேலை பார்த்த ஒரு கேமில் அதைப் போட்டவுடன் டி1 நிஜமாகவே ஏறியது. நான் கண்ணால் பார்த்தேன்.

தேன்மொழி

ஏறியிருக்கும், நம்புகிறேன். டி7 என்ன ஆனது?

பறக்கும்ரயில்

டி7 பெரிதாக மாறவில்லை. ஆனால் டி1 ஏறினால் விளம்பரம் காட்ட ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறதே, அது வருமானம் இல்லையா?

தேன்மொழி

வருமானம்தான். ஆனால் காயின் வாங்க வந்து, வாங்கிக்கொண்டு, ஒரு லெவலும் ஆடாமல் மூடிவிட்டுப் போனவரையும் நீங்கள் டி1-இல் எண்ணுகிறீர்கள். நான் மறுநாள் வந்து ஒரு லெவலாவது முடித்தவர்களை மட்டும் தனியாக எண்ணுவேன். அந்த எண் ஏறாமல் டி1 மட்டும் ஏறினால் பரிசு ஆளைக் கூப்பிடுகிறது, கேம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. நோட்டிபிகேஷனும் முன்பு போல இல்லை. ஆண்ட்ராய்டு 13-லிருந்து அதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். முதல் திரையிலேயே அந்தப் பெட்டியை நீட்டினால் பலர் வேண்டாம் என்று தட்டிவிடுவார்கள்.

கணக்குப்புள்ள

இதில் நான் பறக்கும்ரயில் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். பசில் கேமில் தினமும் ஒரு புதிர் என்று வைத்தால் அதுவும் தினசரி பரிசு மாதிரிதான், ஆனால் ஆட்டமே பரிசு. டி7-ஐயும் அது தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். காயினுக்கு அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கட்டம்கட்டியின் கேமுக்கு எது பொருந்தும் என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது.

அம்பத்தூர் அப்பு

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் அனலிட்டிக்ஸைத் திறந்து பார்த்தேன். 70 இல்லை, 26. ஆனால் இன்றைய தேதிக்கு நேராக 9 என்று காட்டுகிறது. ஒரே நாளில் இப்படி விழுமா?

கணக்குப்புள்ள

விழவில்லை அப்பு. நேற்று வந்தவர்களுக்கு இன்றுதான் மறுநாள், இன்னும் நாளே முடியவில்லை. அந்தக் கடைசி வரியை எப்போதும் விட்டுவிட்டுப் படியுங்கள். ஈவென்ட்கள் போனிலிருந்து தாமதமாகவும் வந்து சேரும். நான் கடைசி மூன்று நாளைத் தொடவே மாட்டேன்.

கட்டம்கட்டி

பார்ட்னரும் நானும் பேசிவிட்டோம். புது டுடோரியல் இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். முதல் ஐந்து லெவலுக்கான படங்களை இன்ஸ்டால் பைலுக்குள்ளேயே வைத்துவிட்டோம், மீதி ஆடும்போது பின்னணியில் இறங்கும். சிக்னல் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதனால் கடையில் காட்டும் கேமின் அளவு 14 எம்பி கூடுகிறது. அதைப் பார்த்து இன்ஸ்டால் செய்யாமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இப்போது எங்களுக்குள் சண்டை. 1.6 நாளை 50%-க்குப் போகிறது.

தேன்மொழி

அது முடியும்வரை விளம்பரப் பட்ஜெட்டையும் படத்தையும் மாற்றாதீர்கள். அளவு விஷயத்துக்குக் கடைப் பக்கத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இன்ஸ்டால் செய்தார்கள் என்பது பிளே கன்சோலில் இருக்கிறது. ஆனால் ரோல்அவுட் பாதியில் நிற்கும்போது அதை வெர்ஷன் வாரியாகப் பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.